ஒரே கட்டளை, 320 வீடியோ, மூலையில் ஒரு லோகோ

டிவியில் ஐம்பது வருடத்துக்கு முந்தைய கறுப்பு வெள்ளைப் படம் ஓடும்போதும் மூலையில் சேனலின் இன்றைய லோகோ பளிச்சென்று தெரியும். அந்தப் படத்தின் பிரதியில் யாரும் லோகோவைப் பதித்து வைக்கவில்லை. ஒளிபரப்புக்கு வெளியே போகும் கடைசி நிமிடத்தில், அதற்கென்றே இருக்கும் கருவி ஒன்று அதை மேலே ஏற்றி அனுப்புகிறது. சேனல் நாளைக்கே லோகோவை மாற்றினாலும், அந்தக் கருவியில் படத்தை மாற்றினால் முடிந்தது. கிடங்கில் இருக்கும் ஆயிரக்கணக்கான நிகழ்ச்சிகளில் எதையும் தொட வேண்டியதில்லை.

யூடியூப் சேனல் நடத்துபவருக்கு இந்த வசதி பாதிதான் கிடைக்கிறது. யூடியூப் ஸ்டுடியோவில் ‘வாட்டர்மார்க்’ என்று ஒரு படத்தைக் கொடுத்தால், சேனலின் எல்லா வீடியோவிலும் வலது கீழ் மூலையில் அது வந்து உட்காரும். ஆனால் அது யூடியூப் பிளேயர் தன் பங்குக்குக் காட்டும் படம். வீடியோவுக்குள் இருப்பது இல்லை. யாராவது வீடியோவை இறக்கி, இரண்டு நிமிடத் துண்டாக வெட்டி வாட்ஸ்அப்பில் விட்டால், அந்த லோகோ கூடவே போகாது. ஃபேஸ்புக்கில் வேறொரு பக்கத்துக்காரர் தன் வீடியோ போலப் போட்டுக்கொண்டாலும் பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. வீடியோவின் ஒவ்வொரு காட்சியிலும் லோகோ பதிந்தே இருக்க வேண்டுமென்றால், ஃபைலுக்குள்ளேயே அதைச் சேர்த்தாக வேண்டும்.

ஒரு சமையல் சேனலை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். நாலைந்து வருடமாக எடுத்த 320 வீடியோ ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது. ஒவ்வொன்றும் சராசரியாக 8 நிமிடம். சேனலுக்குப் புது லோகோ செய்தாயிற்று. எல்லாவற்றிலும் அதைப் பதித்து ஃபேஸ்புக்கிலும் ஏற்ற வேண்டும். எடிட்டிங் மென்பொருளில் செய்தால் வீடியோவைத் திறப்பது, லோகோவை இழுத்து வைப்பது, கடைசி வரை நீட்டுவது, பெயர் கொடுத்து எக்ஸ்போர்ட் செய்வது என்று கைவேலை மட்டும் ஒன்றுக்கு 3 நிமிடம் ஆகும் என்று வையுங்கள். 320 வீடியோவுக்கு 16 மணி நேரம் மவுஸைப் பிடித்து உட்கார வேண்டும். நூறாவது வீடியோவுக்கு மேல் லோகோ ஒன்றில் கொஞ்சம் மேலேயும் ஒன்றில் கொஞ்சம் கீழேயும் போகத் தொடங்கும் என்பது தனி.

இதே வேலையை ஒரு வரிக் கட்டளையில் முடிக்கலாம். அதற்கான மென்பொருளின் பெயர் எஃப்எஃப்எம்பெக். பிரான்ஸைச் சேர்ந்த ஃபாப்ரிஸ் பெல்லார் 2000ஆம் ஆண்டில் தொடங்கியது. பிறகு உலகம் முழுக்க உள்ள நிரலாளர்கள் வளர்த்தெடுத்தார்கள். இலவசம். நேரடியாகக் கேள்விப்படாதவர்கள்கூட அதைத் தினமும் பயன்படுத்திக்கொண்டுதான் இருக்கிறார்கள்: விஎல்சி பிளேயரும் குரோம் பிரவுசரும் வீடியோவை விரித்துக் காட்ட இதன் பகுதிகளைத்தான் உள்ளே வைத்திருக்கின்றன. இதற்கு ஜன்னல், பட்டன் எதுவும் கிடையாது. கறுப்புத் திரையில் எழுதித்தான் வேலை வாங்க வேண்டும். அதைக் கண்டு மிரள்பவர்கள் நிறைய. ஆனால் நூற்றுக்கணக்கில் ஒரே வேலை என்று வரும்போது இந்தக் குறைதான் கை கொடுக்கிறது. மவுஸால் செய்த வேலையை 320 தடவை திரும்பச் செய் என்று கம்ப்யூட்டரிடம் சொல்ல வழியில்லை. எழுதிய வரியைத் திரும்ப ஓட்டு என்று சொல்லலாம்.

விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து கீழ்க்கண்ட வரியை எழுதினால் மென்பொருள் வந்து இறங்கிவிடும்.

```
winget install Gyan.FFmpeg
```

திரையை ஒருமுறை மூடித் திறந்த பிறகு, முதலில் ஒரே ஒரு வீடியோவில் முயன்று பார்க்க வேண்டும். வீடியோவும் லோகோவும் ஒரே ஃபோல்டரில் இருக்கட்டும்.

```
ffmpeg -i meen.mp4 -i logo.png -filter_complex "[0:v][1:v]overlay=W-w-40:40" -c:a copy -t 10 test.mp4
```

பார்க்க முரட்டுத்தனமாக இருந்தாலும் இதைத் துண்டு துண்டாகப் படிக்கலாம். `-i` என்பது உள்ளே கொடுப்பது. முதலில் கொடுத்தது வீடியோ, அடுத்தது லோகோ. கம்ப்யூட்டர் பூஜ்யத்திலிருந்து எண்ணும் என்பதால் வீடியோவின் காட்சி `[0:v]` ஆகிறது, லோகோ `[1:v]` ஆகிறது. `overlay` என்றால் முதலாவதன் மேல் இரண்டாவதை வை. எங்கே வைப்பது? அதைத்தான் அடுத்த பகுதி சொல்கிறது. பெரிய `W` வீடியோவின் அகலம், சின்ன `w` லோகோவின் அகலம். வீடியோ 1920 பிக்சல் அகலம், லோகோ 200 பிக்சல் அகலம் என்றால் 1920இல் 200 போய், ஓரத்தில் விட வேண்டிய 40உம் போய், மிச்சம் 1680. இடது ஓரத்திலிருந்து 1680ஆவது பிக்சலில் லோகோ தொடங்கும். முக்காற்புள்ளிக்குப் பின்னால் உள்ள 40, மேலிருந்து எவ்வளவு இறங்க வேண்டும் என்பது. ஆக, வலது மேல் மூலை. கீழ் மூலையில் வேண்டுமென்றால் அந்த 40ஐ `H-h-40` என்று மாற்றினால் போதும். ஆனால் கீழே சப்டைட்டிலும் பிளேயரின் பட்டன்களும் வந்து மோதும் என்பதால் மேல் மூலைதான் நிம்மதி.

`-c:a copy` என்பது ஒலியைத் தொடாமல் அப்படியே எடுத்து வை என்ற உத்தரவு. `-t 10` என்றால் முதல் பத்து விநாடி மட்டும். சோதனைக்கு எட்டு நிமிடமும் காத்திருக்கத் தேவையில்லை.

முதல் சோதனையிலேயே பலருக்கு ஒரு அதிர்ச்சி காத்திருக்கும். லோகோவைச் சுற்றி ஒரு வெள்ளைக் கட்டம் வரும். லோகோ ஜேபெக் படமாக இருந்தால் இப்படித்தான் ஆகும், ஏனென்றால் அந்த வகைப் படத்தில் ‘இந்த இடம் ஒன்றுமில்லை, பின்னால் இருப்பதைக் காட்டு’ என்று குறிக்க வழி கிடையாது. பி.என்.ஜி வகையில் உண்டு. அதனால் டிசைனரிடம் பின்னணி இல்லாத பி.என்.ஜியாகக் கேட்டு வாங்க வேண்டும். சிலர் இணையத்தில் தேடி, சாம்பலும் வெள்ளையுமாகச் சதுரங்கக் கட்டம் தெரியும் படத்தை ‘பின்னணி இல்லாதது’ என்று நம்பி இறக்கிவிடுவார்கள். அந்தக் கட்டங்கள் படத்திலேயே வரைந்தவையாக இருக்கும். வீடியோவில் மீன் குழம்புக்கு மேலே சதுரங்கப் பலகை மிதக்கும்போதுதான் விஷயம் புரியும். இன்னொரு தொல்லையும் உண்டு. முழு வெள்ளை லோகோ, இட்லித் தட்டும் வெள்ளைச் சுவரும் வரும் காட்சிகளில் கரைந்து காணாமல் போய்விடும். எழுத்தைச் சுற்றி மெல்லிய கருநிற ஓரம் கொடுக்கச் சொன்னால் இது தீரும்.

லோகோ கண்ணை உறுத்தாமல் கொஞ்சம் மங்கலாக, பின்னால் இருப்பது லேசாகத் தெரியும்படி வேண்டுமென்றால், வடிகட்டிப் பகுதியை மட்டும் இப்படி மாற்றலாம்.

```
"[1:v]format=rgba,colorchannelmixer=aa=0.6[lg];[0:v][lg]overlay=W-w-40:40"
```

0.6 என்பது அறுபது சதவீத அழுத்தம். 0.3க்குக் கீழே போனால் மொபைல் திரையில் லோகோ இருக்கிறதா என்று தேட வேண்டியிருக்கும். அதற்கு இத்தனை பாடு தேவையில்லை.

ஒலியைப் போலவே காட்சியையும் `copy` செய்துவிட்டால் வேலை நொடியில் முடியுமே என்று கேட்பவர்கள் உண்டு. முயன்றால் எஃப்எஃப்எம்பெக் மறுத்துவிடும், வடிகட்டுவதும் நகலெடுப்பதும் சேர்ந்து நடக்காது என்று. காரணம் இருக்கிறது. வீடியோ ஃபைலுக்குள் முழுப் படங்கள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கவில்லை. முந்தைய காட்சியிலிருந்து எது மாறியது என்ற குறிப்புகள்தான் பெரும்பாலும் இருக்கும். அதன் ஒரு மூலையில் மட்டும் எதையாவது ஒட்ட வேண்டுமென்றால், ஒவ்வொரு காட்சியையும் முழுப் படமாக விரித்து, லோகோவைக் கலந்து, திரும்பவும் சுருக்கியாக வேண்டும். விநாடிக்கு 30 காட்சி என்று எட்டு நிமிட வீடியோவில் 14,400 படங்கள். நேரம் எல்லாம் போவது இந்தச் சுருக்கும் வேலையில்தான்.

திரும்பச் சுருக்கும்போது தரம் கொஞ்சம் இறங்கும், ஜெராக்ஸ் பிரதியை மறுபடி ஜெராக்ஸ் எடுப்பது போல. எவ்வளவு இறங்கலாம் என்பது நம் கையில் இருக்கிறது. வழக்கமாகப் பயன்படும் `libx264` என்ற சுருக்கிக்கு `-crf` என்று ஒரு எண் கொடுக்கலாம். எண் குறையக் குறையத் தரம் கூடும், ஃபைலும் பெருக்கும். எதுவும் சொல்லாவிட்டால் அது 23 என்று எடுத்துக்கொள்ளும். 18க்கு வந்தால் மூலத்துக்கும் பிரதிக்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிவது கடினம். யூடியூபும் ஃபேஸ்புக்கும் நாம் ஏற்றியதை வாங்கித் தங்கள் பங்குக்கு இன்னொரு முறை சுருக்கும் என்பதால், கொஞ்சம் தாராளமாக 20 வைப்பது நல்லது. ஃபைலின் அளவு மூலத்தைவிடக் கூடலாம், குறையவும் செய்யலாம். மொபைலில் எடுத்த வீடியோ பொதுவாக இளைக்கும். வாட்ஸ்அப்பில் வந்து ஏற்கெனவே நசுங்கிப்போனது சில சமயம் ஊதும். ஊதிவிட்டதால் தெளிவு திரும்பி வந்ததாக எண்ணிக்கொள்ள வேண்டாம்.

எவ்வளவு நேரம் ஆகும் என்பதை எஃப்எஃப்எம்பெக்கே சொல்லும். ஓடும்போது திரையின் அடியில் ஒரு வரி மாறிக்கொண்டே இருக்கும். அதில் `time=` என்பது வீடியோவில் எந்த இடம் வரை வந்திருக்கிறது என்பது. அதே வரியில் வரும் `speed=3x` என்பதைத்தான் முக்கியமாகப் பார்க்க வேண்டும். ஒரு நிமிடத்தில் மூன்று நிமிட வீடியோ முடிகிறது என்று அர்த்தம். நம் சேனலின் 320 வீடியோ மொத்தம் 2,560 நிமிடம். மூன்றால் வகுத்தால் 853 நிமிடம், அதாவது பதினான்கு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. மாலை ஆறு மணிக்கு விட்டால் காலை எட்டேகாலுக்கு முடியும். என்விடியா கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் `libx264` இடத்தில் `h264_nvenc` என்று எழுதி வேகத்தைக் கூட்டலாம். அதற்கு `-crf` பொருந்தாது, `-cq` கொடுக்க வேண்டும். அதே அளவு ஃபைலில் தரம் சற்றுக் குறையலாம். ராத்திரி முழுக்க எப்படியும் சும்மா கிடக்கும் கம்ப்யூட்டர் என்றால் அவசரப்பட ஒன்றுமில்லை.

தொடங்கும் முன் டிஸ்க்கில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். விநாடிக்கு 10 மெகாபிட் என்ற கணக்கில் எட்டு நிமிட வீடியோ 600 எம்பி வரும். 320க்கு 192 ஜிபி. மூலம் ஏற்கெனவே பிடித்திருக்கும் இடத்துக்கு மேலே இது வேறு வேண்டும்.

இனி நூற்றுக்கணக்கானதற்கு வருவோம். விண்டோஸில் ஃபோல்டரில் உள்ள ஒவ்வொரு ஃபைலையும் எடுத்து ஒரே வேலையைச் செய்ய `for` என்ற கட்டளை இருக்கிறது. மேலே பார்த்த வரியை அதற்குள் வைத்தால்:

```
for %f in (*.mp4) do ffmpeg -n -i "%f" -i logo.png -filter_complex "[0:v][1:v]overlay=W-w-40:40" -c:v libx264 -crf 20 -c:a copy "out\%f"
```

`%f` என்பது காலி இடம். ஃபோல்டரில் உள்ள ஃபைல்களின் பெயர் ஒவ்வொன்றாக அங்கே வந்து உட்காரும். சுற்றி இரட்டை மேற்கோள் போடாவிட்டால் பெயரில் இடைவெளி உள்ள ஃபைல்கள் எல்லாம் துண்டாகிப் பிழையாகும். `out` என்ற ஃபோல்டரை முன்கூட்டியே நாம்தான் உண்டாக்கி வைக்க வேண்டும், எஃப்எஃப்எம்பெக் தானாக உண்டாக்காது. `-n` என்பது அதே பெயரில் ஃபைல் இருந்தால் மேலெழுதாதே என்பது. ஃபைல்களுக்குத் தமிழில் பெயர் வைத்திருப்பவர்களுக்குக் கறுப்புத் திரையில் கட்டம் கட்டமாகத் தெரியலாம். அந்தத் திரையின் எழுத்துருவில் தமிழ் இல்லாததுதான் காரணம், பயப்பட வேண்டியதில்லை.

இதைத் தினமும் தட்டாமல் நோட்பேடில் எழுதி `logo.bat` என்று சேமித்து வைத்துக்கொள்ளலாம். அப்போது `%f` என்ற இடங்களிலெல்லாம் `%%f` என்று இரண்டு சதவீதக் குறி போட வேண்டும். இது விண்டோஸின் பழைய வழக்கம். திரையில் நேரடியாகத் தட்டும்போது இரண்டு போட்டால் `%%f was unexpected at this time.` என்று திட்டிவிட்டு நிற்கும்.

சேனல்காரர்கள் இந்த இடத்தில்தான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். கட்டளைக்கு எல்லா வீடியோவும் ஒன்றுதான். நிஜத்தில் நாலைந்து வருடச் சேமிப்பு அப்படி ஒரே மாதிரி இருப்பதில்லை. ஆரம்ப வருடத்தில் எடுத்தவை 1280க்கு 720 அளவில் இருக்கும். நடுவில் 1920க்கு 1080. புது மொபைல் வாங்கிய பிறகு சில 3840க்கு 2160. இடையிடையே செங்குத்தாக எடுத்த ஷார்ட்ஸ். 200 பிக்சல் லோகோ 1920 அகல வீடியோவில் பத்தில் ஒரு பங்கு இடத்தை எடுக்கும். அதே லோகோ 1280 அகலத்தில் ஆறில் ஒரு பங்கை அடைத்துக்கொள்ளும். 3840இல் இருபதில் ஒன்றாகச் சுருங்கி, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொட்டு மாதிரி தெரியும்.

வீடியோவின் அளவைப் பார்த்து லோகோவைத் தானே பெரிதாக்கும், சிறிதாக்கும் வழி எஃப்எஃப்எம்பெக்கில் உண்டு. ஆனால் அதை எழுதும் முறை அண்மைப் பதிப்புகளில் மாறிவிட்டது. இணையத்தில் கிடைக்கும் பழைய குறிப்புகளில் வரும் `scale2ref` என்பதைப் புதிய பதிப்புகள் கைவிடச் சொல்கின்றன. புதிதாகக் கற்பவருக்கு அதைவிட எளிது, வீடியோக்களை அளவுவாரியாகத் தனித்தனி ஃபோல்டரில் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஏற்ற லோகோவை வைப்பது. பிரிப்பதும் கஷ்டமில்லை. விண்டோஸ் ஃபோல்டரை `Details` பார்வையில் வைத்து, தலைப்பு வரியில் வலது கிளிக் செய்து `More` வழியாக `Frame width` என்ற பத்தியைச் சேர்த்து வரிசைப்படுத்தினால், ஒரே அகலம் உள்ளவை ஒன்றாக வந்து நிற்கும். சின்ன லோகோவை எஃப்எஃப்எம்பெக்கே செய்து தரும்:

```
ffmpeg -i logo.png -vf scale=133:-1 logo720.png
```

1280 அகலத்துக்கு 133 பிக்சல், ஓரத்தில் விடும் இடம் 27. 3840க்கு 400 பிக்சலும் 80உம். சின்னதை இழுத்துப் பெரிதாக்கினால் ஓரங்கள் குழையும் என்பதால் டிசைனரிடம் முதலிலேயே பெரிதாக வாங்கிக்கொண்டு குறைத்துக்கொண்டே வர வேண்டும்.

செங்குத்து வீடியோக்களில் ஒரு சூட்சுமம். மொபைல் பல நேரம் வீடியோவைப் படுக்கையாகவே சேமித்துவிட்டு, ‘காட்டும்போது திருப்பிக் காட்டு’ என்று ஒரு குறிப்பை மட்டும் உள்ளே எழுதி வைக்கிறது. அதனால் அகலப் பத்தியில் 1920 என்று போட்டிருக்கும், திறந்தால் நிமிர்ந்து நிற்கும். எஃப்எஃப்எம்பெக் அந்தக் குறிப்பைப் படித்துத் திருப்பிய பிறகுதான் லோகோவை வைக்கும். எனவே அதற்கு `W` 1080தான். லோகோ பக்கவாட்டில் படுத்துக் கிடக்காது, ஆனால் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்ளும். எண்ணை நம்பாமல் படத்தையும் பார்த்துச் செங்குத்தானவற்றைத் தனியே எடுத்து வைப்பது நல்லது. ஷார்ட்ஸில் உச்சியிலும் அடியிலும் வலது ஓரத்திலும் ஆப்பின் பட்டன்கள் படரும். அதனால் லோகோவை இடது பக்கமாக, உச்சியிலிருந்து 200 பிக்சலாவது இறக்கி வைத்தால் மறையாது: `overlay=40:200`.

ஐஃபோனில் எச்டிஆர் முறையில் எடுத்தவற்றை இந்தக் கட்டளையில் போட்டால் நிறம் வெளிறிப்போய் வரலாம். மிளகாய்ப்பொடி செங்கல் பொடி மாதிரி தெரிந்தால் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். அவற்றை வேறு ஃபோல்டருக்கு மாற்றி, எடிட்டிங் மென்பொருளில் சாதாரண நிறத்துக்குக் கொண்டுவந்த பிறகு லோகோ பதிப்பதே தலைவலி இல்லாத வழி.

ராத்திரி முழுக்க ஓடும் வேலை என்றால் கரண்ட் போவதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 147ஆவது வீடியோ பாதியில் இருக்கும்போது கரண்ட் போனது என்று வையுங்கள். காலையில் அதே கட்டளையை மறுபடி ஓட்டினால் `-n` இருப்பதால் முடிந்த 146ஐயும் தாண்டிப் போகும். நல்லதுதான். ஆனால் 147ஆவதும் `out` ஃபோல்டரில் பாதியாக இருக்கிறதே? ‘ஏற்கெனவே இருக்கிறது’ என்று அதையும் தாண்டிப் போய்விடும். இந்தப் பாதி ஃபைல் எந்தப் பிளேயரிலும் திறக்காது. எம்பி4 வகையில் எந்தக் காட்சி எங்கே இருக்கிறது என்ற அட்டவணை வழக்கமாக வேலை முடிந்த பிறகு கடைசியில்தான் எழுதப்படுகிறது. அது எழுதப்படுவதற்குள் கரண்ட் போனால் உள்ளே இருக்கும் நூற்றுக்கணக்கான எம்பியும் வீண். திறக்க முயன்றால் `moov atom not found` என்று வரும்.

இன்னொரு ஆபத்து அதைவிடச் சத்தமில்லாதது. எஃப்எஃப்எம்பெக் ஓடிக்கொண்டிருக்கும்போது கீபோர்டில் `q` என்ற எழுத்தைத் தட்டினால், ‘போதும்’ என்று எடுத்துக்கொண்டு அந்த வீடியோவை அந்த இடத்திலேயே ஒழுங்காக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். ஃபைல் திறக்கும், ஓடும், பிழை எதுவும் காட்டாது. எட்டு நிமிட வீடியோ மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும், அவ்வளவுதான். வீட்டில் குழந்தையோ பூனையோ இருந்தால் நடக்கக்கூடியதே.

இரண்டுக்கும் சேர்த்து `logo.bat` ஃபைலை இப்படி எழுதலாம்:

```
for %%f in (*.mp4) do if not exist "out\%%f" (
  ffmpeg -nostdin -y -i "%%f" -i logo.png ^
  -filter_complex "[0:v][1:v]overlay=W-w-40:40" ^
  -c:v libx264 -crf 20 -c:a copy ^
  "tmp\%%f" && move "tmp\%%f" "out\%%f"
)
```

இதில் வீடியோ முதலில் `tmp` என்ற ஃபோல்டரில்தான் உருவாகிறது. முழுசாக முடிந்தால் மட்டுமே `out` ஃபோல்டருக்கு நகர்கிறது. நடுவில் இருக்கும் `&&` அந்தக் காவலைப் பார்த்துக்கொள்கிறது: முன்னால் உள்ளது வெற்றியாக முடிந்தால்தான் பின்னால் உள்ளது நடக்கும். கரண்ட் போனால் பாதி ஃபைல் `tmp`இல் கிடக்கும், மறுபடி ஓட்டும்போது `-y` அதை மேலெழுதிவிடும். `-nostdin` கீபோர்டுக்குக் காது கொடுக்காதே என்று சொல்கிறது. வரிக் கடைசியில் உள்ள `^` குறி, வரி இன்னும் முடியவில்லை என்று விண்டோஸுக்குச் சொல்வதற்கு. அதற்குப் பின்னால் ஒரு இடைவெளிகூட இருக்கக் கூடாது.

காலையில் முடிந்ததும் எப்படிச் சரிபார்ப்பது? 320 வீடியோவையும் திறந்து பார்ப்பதாக இருந்தால் இத்தனை பாடுபட்டதே வீண். முதலில் இரண்டு ஃபோல்டரிலும் ஃபைல்களின் எண்ணிக்கை ஒன்றா என்று பார்க்க வேண்டும். அடுத்து `Length` பத்தியைச் சேர்த்து இரண்டு ஜன்னலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நேரம் குறைந்தது எது என்று தெரிந்துவிடும். மூன்றாவதாக, ஒவ்வொரு வீடியோவின் பத்தாவது விநாடியிலிருந்தும் ஒரு படத்தை எடுத்து `check` என்ற ஃபோல்டரில் போடச் சொல்லலாம்.

```
for %f in (out\*.mp4) do ffmpeg -v error -ss 10 -i "%f" -frames:v 1 "check\%~nf.jpg"
```

கொஞ்ச நேரத்தில் 320 படமும் வந்துவிடும். ஃபோல்டரைப் பெரிய ஐகான் பார்வையில் வைத்து மெதுவாக உருட்டிக்கொண்டே போனால் போதும். எல்லாவற்றிலும் வலது மேல் மூலையில் ஒரே இடத்தில் லோகோ இருக்கும்போது, மாறியிருக்கும் ஒன்று தானாகக் கண்ணில் படும். தப்பிப்போன 720 அளவு வீடியோவில் லோகோ வீங்கித் தெரியும். நிறம் வெளிறியது பளிச்சென்று தனியாக நிற்கும். தலைப்பு அட்டையில் எழுத்தின் மேலேயே லோகோ ஏறி உட்கார்ந்திருப்பதும் இங்கேதான் தெரியவரும். ஆரம்பத்தில் பத்து விநாடி தலைப்பு அட்டை போடும் சேனல் என்றால் 10க்குப் பதில் 60 கொடுத்துப் பார்ப்பது உதவும்.

இவ்வளவும் செய்த பிறகு, ஏற்கெனவே யூடியூபில் ஏறிவிட்ட வீடியோக்களுக்கு இதனால் பலன் இல்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். அங்கே இருக்கும் வீடியோவின் ஃபைலை மட்டும் மாற்ற யூடியூப் இடம் தருவதில்லை. புதிதாகத்தான் ஏற்ற வேண்டும், அப்படி ஏற்றினால் முகவரி மாறும், பழைய பார்வை எண்ணிக்கையும் கமென்ட்டும் பழைய வீடியோவோடு நின்றுவிடும். ஓடிக்கொண்டிருக்கும் வீடியோவை அழித்துவிட்டு லோகோ போட்டதை ஏற்றுவது பெரும்பாலும் நஷ்டக் கணக்கு. பழையது அங்கே அப்படியே இருக்கட்டும். பதித்தவை ஃபேஸ்புக்குக்கும் இனி வருபவற்றுக்கும் ஆகட்டும்.

இடம் பிடிக்கிறது என்று லோகோ இல்லாத மூல வீடியோக்களை அழித்துவிடுவது சிலர் செய்யும் காரியம். அடுத்த வருடம் லோகோ மாறினால், மூலம் கையில் இருந்தால் புது `logo.png` வைத்து அதே `logo.bat`ஐ ஒரு ராத்திரி ஓட்டிவிடலாம். மூலம் இல்லையென்றால் பழைய லோகோவை அழித்தாக வேண்டும். அதற்கும் எஃப்எஃப்எம்பெக்கில் `delogo` என்று ஒரு வடிகட்டி உண்டு. 1680, 40 என்ற இடத்திலிருந்து 200க்கு 80 அளவுள்ள கட்டத்தைச் சுற்றியிருக்கும் பிக்சல்களைப் பார்த்து, உள்ளே இதுதான் இருந்திருக்கும் என்று ஊகித்து நிரப்பும். பின்னால் வெறும் சுவர் என்றால் ஓரளவு ஒப்பேறும். அலமாரியில் அடுக்கிய டப்பாக்களோ அசையும் கையோ இருந்தால் எட்டு நிமிடமும் அந்த மூலையில் ஒரு கலங்கல் நின்றுகொண்டே இருக்கும். மறைக்க வேண்டுமென்றால் அதற்கு மேலேயே, அதைவிடப் பெரிய லோகோவைப் போட வேண்டியதுதான்.